சிகரெட் பிசுக்கு ஏறிய வாடகை அறை: வாடையை முழுசாக எடுப்பது எப்படி

ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் அறையின் காற்று மாறிவிடும். வாடை மட்டும் போகாது. மறுநாள் கதவைத் திறந்தால் அதே நாற்றம் முகத்தில் அடிக்கும். காரணம் எளிது: வாடை காற்றில் இல்லை, சுவரில் இருக்கிறது. சிகரெட் புகையில் உள்ள தாரும் நிகோடினும் சுவர், கூரை, ஃபேன் இறக்கை, திரைச்சீலை எல்லாவற்றிலும் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்காகப் படிகின்றன. அந்தப் பிசுக்கிலிருந்து வாடை கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். வெயில் ஏறும் மதியத்திலும் ஈரம் கூடும் மழைக்காலத்திலும் அது அதிகம். குளிர்ந்த காலை நேரத்தில் வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்தவர் முதல் மதியம் திகைப்பது இதனால்தான்.

ஆகவே ரூம் ஸ்பிரே, ஊதுபத்தி, அரிந்து வைத்த வெங்காயம், காபித்தூள் எதுவும் பிசுக்கைத் தொடாது. சாம்பிராணி போடுவது இன்னும் மோசம். புகைப் பிசுக்கின் மேல் இன்னொரு புகைப் பிசுக்கு ஏறும். செய்ய வேண்டியது கழுவுவது. அதிலும் வரிசை முக்கியம்: முதலில் அறை, கடைசியில் துணி. பலர் திரைச்சீலையைத் துவைத்து அதே அறையில் மாட்டிவிட்டு, சுவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். ஒரே வாரத்தில் துணி மறுபடி வாடையை உறிஞ்சிக்கொள்கிறது.

சோடாவும் வினிகரும்: இரண்டும் வேண்டும், ஒன்றாக வேண்டாம்

பிசுக்கில் இருப்பது ஒரே பொருள் அல்ல. தார் எண்ணெய்த்தன்மை கொண்டது. அது சோப்புக்கும் சலவை சோடா போன்ற காரப் பொருளுக்கும் விட்டுக்கொடுக்கும். நிகோடின் தானே ஒரு காரம். அதன்மேல் வினிகர் போன்ற அமிலம் பட்டால் உப்பாக மாறி, ஆவியாகாமல் தண்ணீரோடு போய்விடும். எனவே முதல் கழுவல் சோடாவும் சோப்பும். நல்ல தண்ணீரில் அலசிய பிறகு, தனியாக வினிகர்.

இரண்டையும் ஒரே வாளியில் கலந்தால் நுரை பொங்கும், பார்க்க வேலை நடப்பது போலத் தெரியும். உண்மையில் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ வினிகரோடு சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது மூச்சுக்கு ஆபத்து.

கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் போதும். சலவை சோடா வேறு, ஆப்ப சோடா வேறு. சலவை சோடா காரம் கூடியது, அதனால் ரப்பர் கையுறை அவசியம். பிசுக்கில் உள்ள நிகோடினும் தோல் வழியாக உடம்புக்குள் போகக்கூடியது என்பதால் கையுறையை வினிகர் வேலையிலும் கழற்ற வேண்டாம்.

சுவர் என்ன சுவர் என்று முதலில் பாருங்கள்

ஈர விரலால் கதவுக்குப் பின்புறம் ஓரிடத்தில் தேய்த்துப் பாருங்கள். விரலில் மாவு போல வெள்ளை ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது சாதா டிஸ்டெம்பர். அதைக் கழுவ முடியாது. தண்ணீர் பட்டதும் கரைந்து திட்டுத்திட்டாகும். எதுவும் ஒட்டாமல் விரல் வழுக்கினால் எமல்ஷன் பெயிண்ட், தாராளமாகக் கழுவலாம்.

அடுத்து, நனைத்துப் பிழிந்த வெள்ளைப் பஞ்சால் கூரையை ஒட்டிய மூலையில் ஒரு இழுப்பு இழுங்கள். பஞ்சு சாம்பல் நிறமானால் வெறும் தூசி. மஞ்சள் அல்லது பழுப்பானால் தார். புகை மேலே போய்த்தான் தங்கும் என்பதால் கூரையிலும் சுவரின் மேல் மூன்றடியிலும்தான் பிசுக்கு அதிகம் இருக்கும். பழைய ஆள் மாட்டியிருந்த காலண்டரின் இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தால் அதுவும் நல்ல அடையாளம்.

சுவரைத் தொடும் முன் அந்தப் பஞ்சையும் காலண்டர் தடத்தையும் படமெடுத்து ஹவுஸ் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, கழுவப் போகிறேன் என்று எழுதி ஒரு பதில் வாங்கிவிடுங்கள். காலி செய்யும்போது பெயிண்டுக்கு என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடிப்பது சென்னையில் சகஜம். முந்தைய ஆளின் கறை உங்கள் கணக்கில் ஏறாமல் இருக்க இந்த ஒரு செய்தி உதவும்.

ஒரு அறையைக் கழுவும் கணக்கு

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம், ஒரு ஜன்னல், ஒரு பரண், எமல்ஷன் சுவர் என்று வைத்துக்கொள்வோம். சுவரும் கூரையும் சேர்த்து சுமார் 500 சதுர அடி. இரண்டு பேர் இருந்தால் இரண்டு நாள் வேலை.

அறையை முழுசாகக் காலி செய்யுங்கள். திரைச்சீலையைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியே வையுங்கள். டேபிள் ஃபேனை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைத்து, கதவை நான்கு விரல் மட்டும் திறந்து விட்டால் அறைக்காற்று ஜன்னல் வழியாகத் தள்ளப்பட்டு, கதவிடுக்கு வழியாகப் புதுக்காற்று வரும். அறைக்குள் பார்த்து வைத்த ஃபேன் வாடையைக் கிளப்பி வீடெல்லாம் பரப்பும்.

ஒட்டடைக்குச்சியில் உலர்ந்த துணியைச் சுற்றிக் கூரையையும் சுவரையும் தூசி தட்டுங்கள். தூசி இருக்கும்போதே ஈரத்துணி போட்டால் சேறாகி இழுபடும். பிறகு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, சீலிங் ஃபேன் இறக்கையின் மேல்பக்கத்தைத் துடையுங்கள். தூசியும் தாரும் சேர்ந்து பசையாக உறைந்திருக்கும் இடம் அது. ஃபேன் ஓடும்போதெல்லாம் வாடை வருகிறது, நிறுத்தினால் குறைகிறது என்றால் பாதிப் பழி இந்த இறக்கைக்குத்தான். பாத்திரம் கழுவும் திரவத்தைத் துணியில் நேராக விட்டு, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தால் வரும்.

இனி சுவர். ஐந்து லிட்டர் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடாவும் ஒரு மேசைக்கரண்டி பாத்திரத் திரவமும் கலந்துகொள்ளுங்கள். பக்கத்தில் வெறும் தண்ணீர் வாளி ஒன்று. முதலில் கூரை, பிறகு சுவர். சுவரைக் கீழிருந்து மேலே கழுவ வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் உலர்ந்த பிசுக்கின் மேல் ஓடி, கோடு கோடாகக் காய்ந்து கறையாகிவிடும். அந்தக் கோட்டை எடுப்பது பிசுக்கை எடுப்பதைவிடக் கஷ்டம். ஏற்கெனவே நனைந்த இடத்தில் ஓடினால் எளிதில் துடைத்துவிடலாம்.

ஸ்பாஞ்சை நனைத்து, சொட்டாத அளவு பிழிந்து, மூன்றடிக்கு மூன்றடி பகுதியாகத் தடவுங்கள். இரண்டு நிமிடம் விட்டால் சுவரில் பழுப்பு முத்துகள் துளிர்ப்பது கண்ணுக்குத் தெரியும். கரையும் தார் அது. உடனே துடைத்து, ஸ்பாஞ்சை வெறும் தண்ணீரில் அலசி, அடுத்த பகுதிக்குப் போங்கள். வாளித் தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். மாற்றாமல் போனால் எடுத்த தாரையே மறுபடி பூசிக்கொண்டிருப்பீர்கள். ஒரு சுவர் முடிந்ததும் மேலிருந்து கீழாக நல்ல தண்ணீரில் ஒரு துடைப்பு. சுவிட்ச் போர்டுக்கு அரையடி முன்னால் ஸ்பாஞ்சை நிறுத்தி, போர்டை ஈரம் குறைந்த துணியால் மட்டும் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மின்சாரத்தைப் போடுங்கள்.

மறுநாள் சுவர் காய்ந்திருக்கும். ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, பிழிந்த துணியால் முழுச் சுவரையும் கூரையையும் ஒரு முறை துடைத்து, பத்து நிமிடம் கழித்து வெறும் தண்ணீர்த் துணியால் துடைத்துவிடுங்கள். வினிகர் வாடை ஒரு நாளில் தானே போய்விடும். தரை மொசைக்கோ மார்பிளோ ஆனால் வினிகர் சொட்டக்கூடாது. அமிலம் பட்ட இடம் மெருகு போய் வெளிறும். பழைய துணியை விரித்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அந்தத் தரைக்கு சோப்புத் தண்ணீரே போதும்.

மறந்துபோகும் இடங்கள் சில உண்டு: கதவின் மேல் விளிம்பு, ஜன்னல் கம்பியின் உள்பக்கம், கொசுவலை, டியூப்லைட் பட்டி, பரணின் அடிப்பக்கம், திரைச்சீலைக் கம்பி. அலமாரியில் மைக்கா ஒட்டிய பலகை துடைத்தால் வந்துவிடும். மெருகு போடாத பச்சை பிளைவுட் வாடையைக் குடித்திருக்கும், துடைத்தால் வராது. தச்சர்கள் பூசும் பிரெஞ்ச் பாலிஷை இரண்டு கை பூசினால் அடங்கிவிடும். அது அரக்கு, வாடையைப் பூட்டிவைப்பதில் அதற்கு ஈடு குறைவு.

ஏசி இருந்தால்

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை எடுப்பதில்லை. அறைக்காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கிறது. அத்தனை புகையும் அதன் உள்ளே இருக்கும் ஈரமான காயிலைக் கடந்துதான் போயிருக்கும். போட்ட முதல் ஐந்து நிமிடம் வாடை வந்து பிறகு குறைந்தால் காயிலில் பிசுக்கு இருக்கிறது. ஃபில்டரை மட்டும் குழாயடியில் கழுவினால் தீராது. காயிலையும் உருளை போன்ற உள் ஃபேனையும் தண்ணீர் அடித்துக் கழுவும் வாட்டர் சர்வீஸ் வேண்டும் என்று மெக்கானிக்கிடம் குறிப்பாகச் சொல்லுங்கள். இதைச் சுவர் வேலைக்கு முன்பே முடித்துவிட்டால் சிதறும் கறுப்புத் தண்ணீர் கழுவிய சுவரில் படாது.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்?

இரண்டு நாள் அதே அறையில் வேலை செய்த மூக்கை நம்பக்கூடாது. அதற்கு வாடை பழகியிருக்கும். சுவர் முழுசாகக் காய்ந்த பிறகு, நல்ல வெயில் நாளில் மதியம் 12 மணிக்கு ஜன்னல், கதவை மூடி, ஃபேனை நிறுத்திவிடுங்கள். நான்கு மணிக்கு, அந்த வீட்டுக்குள் அன்று வராத ஒருவரைக் கதவைத் திறந்து முகரச் சொல்லுங்கள். முதல் மூச்சில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. கூரை மூலையில் பஞ்சு பரிசோதனையையும் திரும்பச் செய்யுங்கள். இன்னும் மஞ்சள் வந்தால் அந்தப் பகுதியை மட்டும் சோடாக் கழுவல் மறுபடி ஒரு முறை.

இரண்டு கழுவலுக்குப் பிறகும் வாடை இருந்தால் அது பெயிண்டுக்குள்ளேயே இறங்கிவிட்டது. பல வருடம் தினமும் புகைத்த அறைகளில் இது நடக்கும். இங்கேதான் செலவு வீணாகும் தவறு நடக்கிறது: நேராகப் புது எமல்ஷன் அடித்துவிடுவது. எமல்ஷனில் உள்ள தண்ணீர் பழைய தாரைக் கரைத்து மேலே இழுத்துக்கொள்ளும். சில வாரத்தில் புதுச் சுவரில் மஞ்சள் திட்டு பூக்கும், வாடையும் கூடவே வரும். இடையில் தண்ணீர் சேராத, ஆயில் வகை பிரைமர் ஒரு கை வேண்டும். கடையில் ‘வாட்டர் பேஸ் வேண்டாம், ஆயில் பிரைமர்’ என்று கேளுங்கள். இந்த அளவு அறைக்கு ஐந்தாறு லிட்டர் ஆகும். கழுவாத பிசுக்கின் மேல் பிரைமர் பிடிக்காது, உரிந்துவரும்; ஆகவே கழுவல் எப்படியும் வேண்டும். பிரைமர் நெடி அடங்கும்வரை இரண்டு மூன்று நாள் அங்கே படுக்க வேண்டாம்.

சுண்ணாம்புச் சுவருக்கு வழி வேறு. பழைய பூச்சை உலர்வாகச் சுரண்டி எடுத்து, தூசி துடைத்து, ஆயில் பிரைமர் அடித்து, மேலே எமல்ஷன். மூக்கில் முகமூடி போட்டுக்கொண்டு சுரண்டுங்கள். சுரண்டாமல் மேலேயே இன்னொரு கை வெள்ளையடித்துத் தரும் ஓனர்கள் நிறைய. சுண்ணாம்பு கடுங்காரம். காரம் பட்டால் நிகோடின் ஆவியாகக் கிளம்பும். புது வெள்ளை ஈரமாக இருக்கும்போது வாடை கூடுவதில் வியப்பில்லை. காய்ந்ததும் அடங்கும், மழைக்காலத்தில் திரும்பும். இந்த வேலை உங்கள் தலையில் விழ வேண்டியதில்லை. ஓனரிடம் பேசிச் செய்ய வைக்க வேண்டியது.

வாடகைக்குக் கிடைக்கும் ஓசோன் மெஷினை யாராவது சிபாரிசு செய்வார்கள். ஓசோன் நுரையீரலை அரிக்கும் வாயு. சுவரில் உள்ள நிகோடினோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடு போன்றவற்றையும் உண்டாக்கும். பிசுக்கு அங்கேயேதான் இருக்கும். குடியிருக்கும் அறைக்கு வேண்டாம்.

திரைச்சீலையும் துணியும்

அறை தேறிய பிறகு துணிக்கு வருவோம். முதலில் மொட்டைமாடியில் காற்றுவாக்கில் இரண்டு மணி நேரம் தொங்கவிட்டு, உதறி எடுங்கள். திரைச்சீலையின் வளையம், கொக்கிகளைக் கழற்றித் தனியே சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

பருத்தி, பாலியஸ்டர் துணிக்கு: 15 லிட்டர் வாளியில் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீர், வழக்கமான அளவு சோப்புத்தூள், இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா. ஒரு மணி நேரம் ஊறட்டும். சாயம் போகும் துணியாக இருந்தால் மடிப்பின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிடுங்கள். ஊறிய தண்ணீர் பழுப்பானால் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் இன்னொரு முறை ஊறவைத்து, பிறகு மெஷினில் போடுங்கள். மெஷினைப் பாதிதான் நிரப்ப வேண்டும். அடைத்துப் போட்டால் துணி புரளாது. பிசுக்கு இந்த மடிப்பிலிருந்து அந்த மடிப்புக்குப் போய் உட்காரும்.

கடைசி அலசலில் வினிகர். பல குறிப்புகள் வாளிக்கு அரை கப் என்கின்றன. சென்னையின் போர் தண்ணீருக்கு அது பற்றாது. கடின நீரில் இருக்கும் காரமே பாதி வினிகரை விழுங்கிவிடும். ஒரு வாளிக்கு 200 மில்லி ஊற்றி, அரை மணி ஊறவைத்து, நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள்.

காய்ந்த பிறகு முகர்ந்து பாருங்கள். அக்குள், காலர், திரைச்சீலையின் மேல் மடிப்பு, இந்த மூன்று இடத்தில் வாடை இல்லையென்றால் மட்டும் இஸ்திரி போடலாம். மிச்சப் பிசுக்கு உள்ளபோது சூடு வைத்தால் அது நூலில் இறுகிவிடும், அப்புறம் துவைத்தாலும் லேசில் வராது. மணத்துக்காக கம்ஃபர்ட் மாதிரி திரவம் இந்தச் சுற்றில் வேண்டாம். அதுவும் நூலின் மேல் ஒரு படலமாகப் படிந்து வாடையை உள்ளே வைத்துப் பூசிவிடும். பாலியஸ்டருக்கு எண்ணெயோடு ஒட்டும் குணம் அதிகம். அதனால் பருத்தி ஒரு சலவையில் தேறினால் பாலியஸ்டருக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் ரப்பர் பூச்சுள்ள பிளாக்அவுட் திரைச்சீலைக்குச் சூடு ஆகாது. ஆறிய தண்ணீரில் சோப்பு மட்டும், கசக்காமல்.

பட்டு, கம்பளி வேறு ஜாதி. சலவை சோடா அந்த நூலையே அரிக்கும். ஜரிகையில் வினிகர் பட்டால் கறுக்கலாம். நிழலில், காற்றோட்டமாக இரண்டு மூன்று நாள் விரித்துப் போட்டு, திருப்பித் திருப்பி விடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் டிரை கிளீனிங். கொடுக்கும்போது அழுக்கு என்று சொல்லாமல் சிகரெட் வாடை என்றே சொல்லுங்கள்.

போகிப் புகை, கேம்ப்ஃபயர் புகை

விறகுப் புகையில் நிகோடின் கிடையாது. அதன் வாடை கயாகால் போன்ற பினால் வகைப் பொருள்களால் வருவது. அவை லேசான அமிலக் குணம் உள்ளவை என்பதால் காரத்துக்குக் கரையும். அதாவது இங்கே வேலை செய்வது சலவை சோடாதான். வினிகர் பெரிதாக எதுவும் செய்யாது, அந்தச் சுற்றை விட்டுவிடலாம். ஒரே இரவில் ஏறிய வாடை என்பதால் சீக்கிரமும் போகும். அன்றே கழற்றி வெளியே தொங்கவிட்டு, மறுநாள் துவைத்தால் ஒரே சலவையில் முடியும். நெருப்பருகில் நின்ற சட்டையை மற்ற அழுக்குத் துணிக் கூடையில் போட்டுவைத்தால் கூடை முழுவதும் ஏறிக்கொள்ளும்.

போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்த தெருவில் புகைக்கரியும் துணியில் விழுந்திருக்கும். கறுப்புப் புள்ளியைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்காதீர்கள், பரவும். உலர்வாக உதறி, ஒட்டியதை செலோடேப்பால் ஒற்றி எடுத்து, மிச்சத்தில் பாத்திரத் திரவம் இரண்டு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துவையுங்கள். மார்கழிப் பனியோடு அந்தப் புகை தாழ்ந்தே நிற்கும் என்பதால், முன்தினம் இரவே தெருப்பக்க ஜன்னலை மூடி, திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டிவைப்பது நல்லது.

மெத்தை

ஃபோம் மெத்தை, சோஃபாவுக்கு கால் கிலோ ஆப்ப சோடாவைச் சல்லடையில் சலித்துத் தூவி, இரவு முழுக்க விட்டு, மறுநாள் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். மேல் அரை அங்குலத்து வாடைக்குத்தான் இது உதவும். அழுத்தினால் உள்ளிருந்து வாடை வரும் ஃபோமைக் காப்பாற்ற முடியாது. பணத்தை அதில் போடாதீர்கள். இலவம்பஞ்சு மெத்தை தேவலை. உறையைப் பிரித்து, பஞ்சை வெயிலில் காயவைத்து, பஞ்சு அடிப்பவரிடம் கொடுத்துப் புது உறையில் திணித்து வாங்கினால் புதிசு மாதிரி. பழைய உறையைத் துவைத்துப் போட ஆசைப்பட வேண்டாம், அதுதான் அதிகம் குடித்திருக்கும்.

எல்லாம் காய்ந்த பிறகு முதலில் மரச்சாமான், இரண்டு நாள் கழித்து மெத்தை, கடைசியில் திரைச்சீலை என்று உள்ளே கொண்டுவாருங்கள். ஏதாவது ஒன்று வந்த அன்று வாடை திரும்பினால், எதைத் திரும்பக் கழுவ வேண்டும் என்று தேட வேண்டியிருக்காது.